12 கணு உள்ள பைனரி ட்ரீ: ஆகக்குறைந்த உயரம் 3ஆ, 4ஆ? எந்தச் சூத்திரம் சரி?

வந்தாறுமூலை மாணவி

எல்லாருக்கும் வணக்கம். டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் பாடத்தில ஒரு கேள்வி: 12 கணுக்கள் கொண்ட துவித மரம் ஒன்றின் ஆகக்குறைந்த உயரமும் ஆகக்கூடிய உயரமும் யாவை?

என்னட்ட மூண்டு நோட்ஸ் இரிக்கு, மூண்டும் மூண்டு மாதிரிச் சொல்லுது. முதலாவதில `⌊log₂ n⌋`, `n − 1` எண்டு போட்டு விடை 3, 11. ரெண்டாவதில `⌈log₂(n+1)⌉`, `n` எண்டு போட்டு விடை 4, 12. மூண்டாவது ஒரு டியூட். அதில `⌈log₂ n⌉`, `n − 1`. விடை 4, 11.

எது சரி எண்டு மட்டும் சொல்ல வேணாம். எப்படி வந்தது எண்டும் சொல்லுங்க. பாடமாக்கினா நாளைக்கு எண்ணை மாத்திக் கேட்டாப் பிழைச்சிரும்.

கல்லடிப் பாலம்

தங்கச்சி, மூண்டாவதைப் பிடியுங்க. மரம் ஒவ்வொரு மட்டத்திலயும் இரண்டு மடங்காக விரியுது, அதால மடக்கை வருது. விடை தசமத்தில வந்தா மேல உள்ள முழுவெண்ணுக்குக் கொண்டு போக வேணும், ஏனெண்டா அரை மட்டம் எண்டு ஒண்டு இல்லை. நான் கீறியே பாத்தன். 5 கணுவுக்கு `⌈log₂ 5⌉` = 3, கீறினா மூண்டு மட்டம். 6க்கும் 7க்கும் அதே 3. 12க்கு 4, கீறினா நாலு மட்டம். எல்லாம் பொருந்துது.

ஒலுவில் நானா

கல்லடித் தம்பி, நீங்க பரிசோதிச்ச 5, 6, 7, 12 நாலும் அந்தச் சூத்திரம் தப்பிப் பிழைக்கிற எண்கள். 16ஐப் போட்டுப் பாருங்க. `⌈log₂ 16⌉` = 4. இப்ப நாலு மட்டத்துக்குள்ள 16 கணுவை அடக்கிக் காட்டுங்க. முதல் மட்டத்தில 1, அடுத்ததில 2, பிறகு 4, பிறகு 8. கூட்டினா 15. பதினாறாவது கணுவுக்கு இடமே இல்லை. அது ஐந்தாவது மட்டத்துக்குத்தான் போக வேணும். 4, 8, 32, 64 எதைப் போட்டாலும் இதே கதைதான். 2 இன் வலுவாக உள்ள எண்களில மட்டும் அந்தச் சூத்திரம் ஒண்டு குறைச்சுச் சொல்லும், மற்ற எண்களில மட்டங்களின் எண்ணிக்கையைச் சரியாகச் சொல்லும். அதாலதான் அது இவ்வளவு நாளும் பிழை எண்டு தெரியாம நோட்ஸில ஓடித் திரியுது.

மகளே, இப்ப உங்கட கேள்வி. மூண்டு நோட்ஸும் முரண்படுற மாதிரித் தெரிந்தாலும் முதல் ரெண்டும் முரண்படவில்லை. உயரத்தை எதால அளக்கிறம் எண்டதில மட்டும்தான் வித்தியாசம். வேரிலிருந்து ஆகத் தூரத்தில உள்ள இலைக்குப் போகிற பாதையில எத்தனை விளிம்பு எண்டு எண்ணினா முதலாவது நோட்ஸ். அதே பாதையில எத்தனை கணு எண்டு எண்ணினா ரெண்டாவது. எந்தப் பாதையிலயும் விளிம்பை விடக் கணு ஒண்டு கூட, அதனால ரெண்டுக்கும் எப்பவும் சரியாக ஒண்டுதான் வித்தியாசம். 3, 11 ஒரு சோடி. 4, 12 இன்னொரு சோடி. மூண்டாவது டியூட் ஆகக்குறைந்ததைக் கணுவால எண்ணிப்போட்டு ஆகக்கூடியதை விளிம்பால எண்ணியிருக்கு. 4, 11 எந்த வழக்கத்திலயும் சரியான சோடி இல்லை.

இனி நான் விளிம்பு எண்ணிக்கையிலயே எழுதுறன். உயரம் `h` எண்டா மட்டங்கள் `h + 1`, 0 தொடக்கம் `h` வரை.

ஆகக்கூடியதை முதலில முடிப்பம், அது லேசு. உயரம் `h` ஆக இருக்க வேணுமெண்டா 0 தொடக்கம் `h` வரை ஒவ்வொரு மட்டத்திலயும் குறைஞ்சது ஒரு கணு இருக்க வேணும், இல்லாட்டிப் பாதை இடையில அறுந்து போகும். ஆகக் குறைஞ்சது `h + 1` கணு தேவை. இருக்கிறது `n`. எனவே `h + 1 ≤ n`, அதாவது `h ≤ n − 1`. மட்டத்துக்கு ஒரு கணுவாக வைச்சுக்கொண்டு போனா அந்த எல்லையைத் தொடலாம். 12 கணுவுக்கு 11.

ஆகக்குறைந்ததுக்குக் கேள்வியைத் திருப்பிப் போட வேணும். "12 கணுவை எவ்வளவு கட்டையாக அடுக்கலாம்" எண்டு நேரடியாக யோசிச்சாத் தலை சுத்தும். "உயரம் `h` உள்ள மரத்தில ஆகக்கூடியது எத்தனை கணு கொள்ளும்" எண்டு கேளுங்க. `i` ஆம் மட்டத்தில `2^i` கணுவுக்கு மேல வராது, ஏனெண்டா மேல் மட்டத்தில உள்ள ஒவ்வொண்டுக்கும் இரண்டு பிள்ளைக்கு மேல இல்லை. எல்லா மட்டத்தையும் கூட்டினா

```
1 + 2 + 4 + ... + 2^h = 2^(h+1) − 1
```

உயரம் 2 எண்டா 7 கொள்ளும். உயரம் 3 எண்டா 15 கொள்ளும். 12 ஆனது 7 ஐ விடக் கூட, 15 ஐ விடக் குறைவு. உயரம் 2 க்குள்ள அடங்காது, 3 க்குள்ள அடங்கும். விடை 3. சூத்திரம் மறந்து போனாலும் இந்த வழியால எந்தப் பரீட்சையிலயும் விடை எடுக்கலாம்.

வந்தாறுமூலை மாணவி

நானா, 16 ஐ வைச்சுக் காட்டினது நல்லா விளங்கிச்சு. ஆனா ஒரு இடத்தில நிக்குது. நீங்க சொன்ன கொள்ளளவிலிருந்து `n ≤ 2^(h+1) − 1` எண்டு எழுதி, `h ≥ log₂(n+1) − 1` வரைக்கும் நானே வந்திட்டன். அப்ப சூத்திரம் `⌈log₂(n+1)⌉ − 1` எண்டுதானே வருது. முதலாவது நோட்ஸில உள்ள `⌊log₂ n⌋` எங்கயிருந்து வந்தது? ஒண்டில கூரை, மற்றதில தரை. ரெண்டும் எப்படி ஒண்டாகும்?

ஒலுவில் நானா

நல்ல இடத்திலதான் நிக்கிறீங்க. ரெண்டையும் கையால போட்டுப் பாத்தவங்க கூட ஏன் சமன் எண்டு கேட்கிறதில்லை.

நீங்க எழுதினது ஒரு பக்கம் மட்டும்: `n` கணுவும் உயரம் `h` க்குள்ள அடங்குது. மற்றப் பக்கத்தையும் எழுதுங்க. `h` தான் ஆகக்குறைந்தது எண்டா `h − 1` க்குள்ள அடங்கியிருக்கக் கூடாது. உயரம் `h − 1` உள்ள மரத்தின் கொள்ளளவு `2^h − 1`. அதுக்குள்ள அடங்கவில்லை எண்டா `n` அதை விடப் பெரிசு. `n` முழுவெண், ஆகவே `n ≥ 2^h`. இரண்டையும் சேர்த்தா

```
2^h ≤ n ≤ 2^(h+1) − 1
```

இதுதான் முழுக் கதையும். இடது பக்கத்தை மட்டும் பாருங்க: `2^h` ஆனது `n` ஐத் தாண்டாத ஆகப்பெரிய 2 இன் வலு. அதின் சுட்டியைக் கேட்டா `⌊log₂ n⌋`. வலது பக்கத்தை மட்டும் பாத்தா நீங்க எழுதின `⌈log₂(n+1)⌉ − 1`. ஒரே இடைவெளியை ஒருத்தர் கீழ்க்கரையிலிருந்து பாக்கிறார், மற்றவர் மேற்கரையிலிருந்து பாக்கிறார்.

15, 16, 17 மூண்டையும் போட்டு நீங்களே சரிபாருங்க. 15 க்கு `⌊log₂ 15⌋` = 3, மற்றது `⌈log₂ 16⌉ − 1` = 4 − 1 = 3. 16 க்கு முதலாவது 4, மற்றது `⌈log₂ 17⌉ − 1` = 5 − 1 = 4. 17 க்கும் ரெண்டிலயும் 4. பிழைச் சூத்திரம் `⌈log₂ n⌉` இந்த மூண்டுக்கும் 4, 4, 5 எண்டு தரும். விளிம்பால எண்ணினா 15 லயும் 17 லயும் பிழை. கணுவால எண்ணினா 16 ல பிழை. எந்தப் பக்கம் சாய்ஞ்சாலும் அதுக்கு மீட்சி இல்லை.

கணிகருவி இல்லாம எடுக்க வேணுமெண்டா 2 இன் வலுக்களை எண்ணிக்கொண்டு போங்க. 100 க்கு 64 வரை வரலாம், அது 2 இன் 6 ஆம் வலு, விடை 6. 1000 க்கு 512, விடை 9. பத்து லட்சத்துக்கு 524288, விடை 19. இதே பத்து லட்சத்துக்கு ஆகக்கூடிய உயரம் 999999. இந்த ரெண்டு எண்ணுக்கும் இடையில உள்ள தூரத்தைக் கொஞ்சம் நிண்டு பாருங்க. மரத்தின் வடிவம் ஏன் அவ்வளவு முக்கியம் எண்டு அது ஒண்டே சொல்லும்.

கல்லடிப் பாலம்

16 ஐக் கீறிப் பாத்தன். ஐஞ்சு மட்டம்தான் வருது, நானா சொன்னது சரி. அப்ப நான் சொன்னதைக் கணு வழக்கத்துக்கு `⌊log₂ n⌋ + 1` எண்டு மாத்தினா எல்லா எண்ணுக்கும் பொருந்தும், அப்படித்தானே?

ஒலுவில் நானா

ஓம். `⌊log₂ n⌋ + 1` உம் `⌈log₂(n+1)⌉` உம் ஒண்டுதான். கூரைக் குறி போட ஆசையெண்டா உள்ளுக்க `n+1` போடுங்க. `n` போட்டா தரைக் குறி.

கல்முனை சஜா

ஒரு சின்ன விசயம் சேக்கிறன். ஆகக்குறைந்த உயரம் வேணுமெண்டா மரம் கட்டாயம் கம்ப்ளீட் பைனரி ட்ரீயாக இரிக்க வேணும். கடைசி மட்டத்தைத் தவிர மற்ற எல்லாம் நிறைஞ்சு, கடைசி மட்டம் இடது பக்கமிருந்து நிரம்பியிருக்க வேணும். அப்படி இல்லாட்டி உயரம் கூடிரும். அதே மாதிரி ஆகக்கூடிய உயரத்துக்கு ரெண்டே ரெண்டு வடிவம், முழுக்க இடது அல்லது முழுக்க வலது.

ஏறாவூர் டெவ்

சஜா, ரெண்டும் அப்படியில்லை.

நாலு கணுவை எடுங்க. ஆகக்குறைந்த உயரம் `⌊log₂ 4⌋` = 2. இப்ப வேருக்கு ஒரே ஒரு பிள்ளை வையுங்க, அந்தப் பிள்ளைக்கு இரண்டு பிள்ளை.

```
    A
   /
  B
 / \
C   D
```

A இலிருந்து C க்கு இரண்டு விளிம்பு. உயரம் 2. இது கம்ப்ளீட் இல்லை, மட்டம் 1 கூட நிறையவில்லை, ஆனாலும் ஆகக்குறைந்த உயரத்தில நிக்குது. கம்ப்ளீட்டாக இருந்தா உயரம் ஆகக்குறைந்தது எண்டது உண்மை. ஆகக்குறைந்தது எண்டாக் கம்ப்ளீட் எண்டு திருப்பிச் சொல்ல ஏலாது.

நாலு கணுவில மொத்தம் 14 வடிவம் கீறலாம். அதில 8 வடிவத்துக்கு உயரம் 3, மிச்சம் 6 க்கு உயரம் 2. அந்த ஆறில ஒண்டு மட்டும்தான் நீங்க சொல்ற கம்ப்ளீட் வடிவம்.

அந்த 8 எங்கயிருந்து வந்தது எண்டு பாத்தா உங்கட ரெண்டாவது விசயத்துக்கும் பதில் கிடைக்கும். ஆகக்கூடிய உயரத்துக்கு மட்டத்துக்கு ஒரு கணு. வேரைத் தவிர ஒவ்வொரு கணுவும் தாய்க் கணுவுக்கு இடப்பக்கம் தொங்கலாம், வலப்பக்கமும் தொங்கலாம். வளைஞ்சு வளைஞ்சு போற சங்கிலியும் அதே உயரம்தான். தெரிவு `n − 1` தடவை, ஒவ்வொண்டும் ரெண்டு வழி, ஆக `2^(n−1)` வடிவம். 12 கணுவுக்கு 2048 வடிவம், எல்லாத்துக்கும் உயரம் 11.

கல்முனை சஜா

நாலு கணுப் படம் சரி, ஒத்துக்கொள்றன். ஆனா 6 கணுவில அப்படிக் கீற ஏலாதே. வேருக்கு ஒரு பிள்ளை வைச்சா 1 + 1 + 2, நாலோட முடிஞ்சிருது.

ஏறாவூர் டெவ்

சரியாப் பிடிச்சிருக்கீங்க. 6 கணுவில மட்டம் 1 நிறையத்தான் வேணும். கடைசி மட்டத்தில நாலு இடத்தில மூண்டை நிரப்ப வேணும், எந்த மூண்டு எண்டது உங்கட விருப்பம். வெறுமையாக விடுற இடம் நாலில ஒண்டு, எனவே 4 வடிவம். அதில ஒண்டு கம்ப்ளீட், மற்ற மூண்டும் இல்லை. கடைசி மட்டத்தில எவ்வளவு இடம் சும்மா கிடக்கோ அவ்வளவுக்கு மேல் மட்டங்களில விளையாட இடம் இருக்கும். 7 அல்லது 15 மாதிரி எண்ணில சும்மா கிடக்கிற இடமே இல்லை, அங்க ஒரே ஒரு வடிவம்தான்.

காரைதீவு கடற்கரை

இந்த இழையைப் பாத்தவுடன எனக்கும் ஒரு சந்தேகம். சுட்டெண் வரிசையில உள்ள 1200 பேரின் பட்டியலை பைதன்ல பைனரி சேர்ச் ட்ரீக்குள்ள போடுறன். `insert` ரிகர்ஷன்ல எழுதியிருக்கு. நீங்க சொல்ற சூத்திரத்தின்படி 1200 கணுவுக்கு உயரம் 10. ஆனா ஆயிரத்துக்குக் கிட்ட வரும்போது `RecursionError: maximum recursion depth exceeded` எண்டு நிண்டு போகுது. சூத்திரம் பிழையா, என்ட கோட் பிழையா? `sys.setrecursionlimit(5000)` போட்டாப் பிழை போயிருது, ஆனா மெதுவா ஓடுது.

ஒலுவில் நானா

தம்பி, சூத்திரமும் சரி, கோடும் சரியாக இருக்கலாம். 10 எண்டது உங்கட மரத்தின் உயரம் இல்லை. 1200 கணுவால கட்டக்கூடிய மரங்களில ஆகக் கட்டையானதின் உயரம். உங்கட மரம் மற்ற அந்தத்தில நிக்குது.

சுட்டெண் ஏறுவரிசையில வந்தா ஒவ்வொரு புது எண்ணும் இதுக்கு முதல் வந்த எல்லாத்தையும் விடப் பெரிசு. ஆகவே ஒவ்வொரு தடவையும் வலது, வலது, வலது எண்டு போய்க் கடைசிக் கணுவின் வலப்பக்கத்தில தொங்கும். முடிவில 1200 கணுவும் ஒரே சங்கிலி, உயரம் 1199. அதுதான் `n − 1`. பைதனின் ரிகர்ஷன் எல்லை வழமையாக 1000, அதனால ஆயிரத்துக்குக் கிட்ட வந்து நிக்குது. எல்லையைக் கூட்டினாப் பிழைச் செய்தி போகும், சங்கிலி போகாது. ஒப்பீடுகளை எண்ணிப் பாருங்க: 0 + 1 + 2 + ... + 1199, அதாவது 1200 × 1199 / 2 = 719400. உயரம் 10 உள்ள மரத்தில எந்தக் கணுவுக்கும் இறங்கிப் போக ஆகக்கூடியது 10 ஒப்பீடு, மொத்தமே 12000 ஐத் தாண்டாது. மெதுவா ஓடுறதின் காரணம் அதுதான்.

எந்த அந்தத்தில நிக்கிறீங்க எண்டு கண்டுபிடிக்க உயரத்தை அளந்து ரெண்டு எல்லையோடயும் ஒப்பிடுங்க.

```python
def height(t):
    if t is None:
        return -1
    return 1 + max(height(t.left), height(t.right))
```

இதில `-1` முக்கியம். வெறும் மரத்துக்கு `0` எண்டு போட்டா இலைக் கணுவின் உயரம் 1 ஆக வரும், கணு எண்ணிக்கைக்கு மாறிப்போயிருவீங்க. பிறகு `⌊log₂ n⌋` ஓட ஒப்பிட்டா எப்பவும் ஒண்டு கூடிக் காட்டும்.

உங்களிட்டப் பட்டியல் ஏற்கெனவே வரிசையில இருக்கிறதால நடுவில உள்ளதை வேராக எடுத்து, இடப்பாதியையும் வலப்பாதியையும் அதே மாதிரிக் கட்டுங்க.

```python
def build(a, lo, hi):
    if lo > hi:
        return None
    m = (lo + hi) // 2
    t = Node(a[m])
    t.left = build(a, lo, m - 1)
    t.right = build(a, m + 1, hi)
    return t
```

1200 க்கு இது சரியாக 10 தரும். 1199 மிச்சம், பாதியாக்கினா 599 உம் 600 உம், பிறகு அதிலயும் பாதி. ஒவ்வொரு மட்டத்திலயும் பாதி பாதியாகப் போறதால ஆகக்குறைந்த உயரத்தை விட்டு விலகாது. ரிகர்ஷனும் 12 அழைப்புக்கு மேல ஆழமாகப் போகாது.

காரைதீவு கடற்கரை

`build` வேலை செய்யுது, `height` 10 காட்டுது. நன்றி நானா. ஆனா நாளைக்குப் புதுப் பிள்ளைகள் சேரும்போது ஒவ்வொண்டாகத்தானே போட வேணும். அப்பவும் 10 இலயே நிக்குமா?

ஒலுவில் நானா

நிக்காது. புதுச் சுட்டெண் எல்லாம் பெரிசாக வந்தா வலக்கரையில வால் மாதிரி நீளும். 50 பேர் ஏறுவரிசையில சேர்ந்தா அந்தப் பக்கம் மட்டும் 50 மட்டம் கீழ இறங்கும். எல்லாத்தையும் சேர்த்துத் திரும்ப `build` பண்ணலாம், 1250 க்கும் ஆகக்குறைந்தது 10 தான், 2047 வரைக்கும் 10 தான். அடிக்கடி சேருதெண்டா ஏவீஎல் மாதிரித் தானே சமன் செய்ற மரத்துக்குப் போங்க. அது எப்பவும் ஆகக்குறைந்த உயரத்தைத் தராது, ஆனா `log₂ n` இன் ஏறத்தாழ 1.44 மடங்குக்குள்ள வைச்சிருக்கும். உங்கட அளவுக்கு அது தாராளம்.

ஏறாவூர் டெவ்

சூத்திரத்தைக் கோடாக எழுதுறவங்களுக்கு ஒரு எச்சரிக்கை. தாளில சரியான சூத்திரம் திரையில பிழைக்கும், மிதவைப் புள்ளி எண்ணால. பைதன்ல இதை ஓட்டிப் பாருங்க:

```python
>>> import math
>>> math.log(2**29, 2)
29.000000000000004
>>> math.log2(2**60 - 1)
60.0
```

`n = 2**29 - 1` எண்டு வைச்சு `math.ceil(math.log(n + 1, 2)) - 1` போட்டா 29 வரும். உண்மையான விடை 28. கடைசியில ஒட்டிக்கொண்ட அந்த 4 ஐக் கூரை ஒரு முழுப் படி தூக்கிவிடுது. ரெண்டாவது உதாரணத்தில `2**60 - 1` க்கு `⌊log₂ n⌋` 59 ஆக வர வேணும். ஆனா அவ்வளவு பெரிய எண்ணை மிதவைப் புள்ளியாக மாத்தும்போதே அது `2**60` ஆகிருது, தரை எடுத்தாலும் 60 தான். ரெண்டும் 2 இன் வலுவுக்குப் பக்கத்திலதான் நடக்குது, அதே இடத்திலதான் சூத்திரமும் படி மாறுது.

மடக்கையே வேணாம். ஒரு முழுவெண்ணை இரண்டின் அடியில எழுத எத்தனை இலக்கம் வேணுமோ அதுதான் ஆகக்குறைந்த மட்டங்களின் எண்ணிக்கை. 12 ஆனது 1100, நாலு இலக்கம், நாலு மட்டம். 16 ஆனது 10000, ஐஞ்சு. பைதன்ல `n.bit_length() - 1` எண்டு போட்டா விளிம்புக் கணக்கில ஆகக்குறைந்த உயரம், எவ்வளவு பெரிய எண்ணுக்கும் பிசகாது. `n = 0` க்கு -1 வரும், நானா மேல எழுதின `height` உம் வெறும் மரத்துக்கு -1 தான் தருது. ஜாவாவில `31 - Integer.numberOfLeadingZeros(n)` அதே விடைகளைத் தரும். சீயில `__builtin_clz` பாவிக்கிறவங்க `n = 0` ஐத் தனியாகப் பிடிச்சிருங்க, அதுக்கு அந்தப் பங்சன் என்ன தரும் எண்டு வரையறையே இல்லை.

வந்தாறுமூலை மாணவி

1100 க்கு நாலு இலக்கம் எண்டதைப் பாத்தவுடன `2^h ≤ n < 2^(h+1)` எண்டது சட்டெண்டு பிடிபட்டிட்டு. நாலு இலக்கம் எண்டாலே 8 க்கும் 15 க்கும் இடையில.

இன்னொண்டு. அடுத்த பகுதியில "ஒவ்வொரு கணுவுக்கும் ஒன்றில் பிள்ளை இல்லை அல்லது சரியாக இரண்டு பிள்ளைகள்" எண்டு நிபந்தனை போட்டு, அதே 12 கணுவுக்கு ஆகக்கூடிய உயரம் கேட்டிருக்கு. சங்கிலி இனி ஏலாதுதானே.

ஒலுவில் நானா

சங்கிலி மட்டுமில்லை, அந்த மரமே ஏலாது. வேர் ஒண்டு, பிறகு சேருறது எல்லாம் சோடி சோடியாக. ஆகவே மொத்தம் எப்பவும் ஒற்றை எண். 12 கணுவில அப்படி ஒரு மரமே இல்லை எண்டு எழுதுங்க, காரணத்தையும் எழுதுங்க.

13 எண்டு கேட்டிருந்தா: வேரைத் தவிர ஒவ்வொரு மட்டத்திலயும் குறைஞ்சது இரண்டு கணு. `1 + 2h ≤ n`, எனவே `h ≤ (n − 1)/2`, விடை 6. ஆகக்குறைந்தது மாறாது, 3 தான். 13 கணுவை மேலிருந்து வரிசையாக நிரப்பினாக் கடைசி மட்டத்தில 6, அது இரட்டை எண், ஒற்றைப் பிள்ளையோட எந்தக் கணுவும் நிக்காது.

கல்லடிப் பாலம்

எல்லாம் சரி, ஆனா பரீட்சையில வழக்கம் சொல்லாம வெறுமனே "உயரம்" எண்டு கேட்டா எதை எழுதிறது? என்ட அபிப்பிராயம் கணுவால எண்ணுறது. ஒரு கணு உள்ள மரத்துக்கு உயரம் 0 எண்டு சொன்னாப் பிள்ளைகள் குழம்புது.

ஏறாவூர் டெவ்

நான் மற்றப் பக்கம். உயரம் எண்டது தூரம், தூரத்தை விளிம்பாலதான் அளக்க வேணும். ஒரு கணுவிலிருந்து அதே கணுவுக்குத் தூரம் 0.

ஒலுவில் நானா

இதில ரெண்டு பக்கத்துக்கும் புத்தகங்கள் இருக்கு, தீர்ப்புச் சொல்ல என்னால ஏலாது. விடைத்தாளின் முதல் வரியில "உயரம் = வேரிலிருந்து ஆகத் தூரமான இலை வரையான விளிம்புகளின் எண்ணிக்கை எனக் கொள்வோம்" எண்டு எழுதிப்போட்டுத் தொடங்குங்க மகளே. ரெண்டு விடையும் ஒரே வழக்கத்தில இருக்க வேணும், அதை மட்டும் விட்டுக்கொடுக்காதீங்க. பாடத்தின் ஸ்லைட்ஸில ஒரு கணு மரத்துக்கு என்ன போட்டிருக்கு எண்டு பாத்தா எந்த வழக்கம் எண்டு தெரியவரும்.

வந்தாறுமூலை மாணவி

பாத்தன். ஒரு ஸ்லைட்டில 0, ஒரு பயிற்சியில 1. கேட்டுப்போட்டு வந்து இங்க எழுதுறன்.

கல்முனை சஜா

அதுக்கிடையில ஒண்டு. ஒவ்வொரு கணுவுக்கும் மூண்டு பிள்ளை வரை வரலாம் எண்டா 2 ஐ எடுத்துப்போட்டு 3 போட்டு `⌊log₃ n⌋` எண்டு எழுதலாமா? 12 க்கு `⌊log₃ 12⌋` = 2. கீறினாலும் 2 தான் வருது.

ஏறாவூர் டெவ்

12 க்குப் பொருந்தும். 5 க்கும் 8 க்கும் போட்டுப் பாருங்க. மட்டங்கள் 1, 3, 9 எண்டு போகும். உயரம் 1 இல கொள்ளளவு 4. ஐந்தாவது கணுவுக்கு உயரம் 2 வேணும், ஆனா `⌊log₃ 5⌋` = 1. இரண்டின் கதையில `2^h − 1` க்கு அடுத்த எண் சரியாக `2^h` ஆக விழுந்தது, அதாலதான் தரைச் சூத்திரம் அவ்வளவு சுத்தமாக வந்தது. மூண்டில கொள்ளளவு `(3^(h+1) − 1)/2`, அதுக்கு அடுத்த எண் 3 இன் வலு இல்லை. கொள்ளளவிலிருந்தே தொடங்குங்க: `n ≤ (3^(h+1) − 1)/2`, திருப்பினா `h = ⌈log₃(2n + 1)⌉ − 1`. 5 க்கு `⌈log₃ 11⌉ − 1` = 3 − 1 = 2. 12 க்கு `⌈log₃ 25⌉ − 1` = 2. 13 வரைக்கும் 2 இல நிக்கும், 14 இல 3 ஆகும்.